வேலை முடிந்து வந்து படிப்பவருக்கு: போர்ட்ஃபோலியோ தியரி தேர்வுக்கு முந்தைய ஏழு நாட்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"ஓசூர் சிப்காட்ல ஜெனரல் ஷிஃப்ட். கிருஷ்ணகிரி வந்து சேர ராத்திரி எட்டாயிடும். வர்ற ஞாயிறு எக்ஸாம். ஒரு வாரத்துல தேறுமா சார்?"

தேறும். ஆனால் முதல் அலகின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் தேறாது. முதலீடு என்றால் என்ன, சூதாட்டத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று படித்துக்கொண்டிருக்கும்போதே புதன்கிழமை வந்துவிடும்.

முதலில் கையில் இருக்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். இந்த ஞாயிறு 4 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை சாப்பிட்டுவிட்டு ஒன்பது முதல் பதினொன்று வரை, அதாவது 10 மணி நேரம். சனிக்கிழமை 3. மொத்தம் 17 மணி நேரம். இதை மூன்று வகைக் கணக்குகளுக்குத்தான் கொடுக்க வேண்டும்: இரண்டு பங்குகள் சேர்ந்த போர்ட்ஃபோலியோவின் ரிட்டர்னும் ரிஸ்க்கும், பீட்டாவும் அதை வைத்து வரும் கேப்பிட்டல் அசெட் பிரைசிங் மாடலும், ஷார்ப், ட்ரெய்னர், ஜென்சன் அளவீடுகள். தியரி கேள்விகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்குகளின் விளக்கம்தான். கணக்கு கைவந்தால் அவற்றைச் சொந்த வார்த்தையில் எழுதலாம்.

என் யோசனை இது: ஞாயிறு முதல் புதன் வரை ஒரே ஒரு கணக்கைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு புதுக் கணக்கு வேண்டாம். அதே எண்களிலிருந்து முதல் நாள் ரிஸ்க், அடுத்த நாள் கோரிலேஷன் மாறினால் என்ன ஆகும் என்பது, அதற்கடுத்து மிகக் குறைந்த ரிஸ்க் உள்ள கலவை, பிறகு வரைபடம். வியாழன் பீட்டா, வெள்ளி ஷார்ப்பும் ட்ரெய்னரும், சனி பழைய வினாத்தாள். வேலை முடிந்து களைத்து வந்த மூளைக்குப் புது எண்களைப் பழகுவதே பாதி வேலை. அந்தப் பாதியை மிச்சப்படுத்தலாம்.

"அந்த ஒரு கணக்கு எது? எண்ணோட சொல்லுங்க."

ஏ, பி என்று இரண்டு பங்குகள். ஏ-யின் எதிர்பார்க்கும் ரிட்டர்ன் 16 சதவீதம், திட்ட விலக்கம் 20. பி-யின் ரிட்டர்ன் 10, திட்ட விலக்கம் 10. இரண்டுக்கும் இடையே கோரிலேஷன் 0.2. பணத்தில் 60 சதவீதத்தை ஏ-யிலும் 40 சதவீதத்தை பி-யிலும் போட்டால் ரிட்டர்ன் எவ்வளவு, ரிஸ்க் எவ்வளவு?

ரிட்டர்ன் சுலபம்: 0.6 × 16 + 0.4 × 10 = 13.6 சதவீதம்.

ரிஸ்க்கிற்கு வரும் சூத்திரம் இது:

```
σp² = wA²σA² + wB²σB² + 2·wA·wB·Cov(A,B)
Cov(A,B) = ρ·σA·σB
```

முதலில் கோவேரியன்ஸைத் தனியாகப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 0.2 × 20 × 10 = 40. பிறகு மூன்று துண்டுகளையும் மூன்று தனி வரிகளில் எழுதுங்கள்.

```
0.36 × 400           = 144.0
0.16 × 100           =  16.0
2 × 0.6 × 0.4 × 40   =  19.2
σp²                  = 179.2
σp                   = 13.39
```

ஒரே நீள வரியாக எழுதி கால்குலேட்டரில் தட்டினால் விடை தவறும்போது எந்த இடத்தில் தவறியது என்று உங்களுக்கும் தெரியாது, திருத்துபவருக்கும் தெரியாது. மூன்று வரி எழுதினால் ஒரு வரி தவறினாலும் மற்ற இரண்டுக்கு மதிப்பெண் கேட்க வழி இருக்கிறது.

இந்தக் கணக்கில் நான் அதிகம் பார்க்கும் தவறுகள் இரண்டு. கேள்வியில் கோவேரியன்ஸையே நேராகக் கொடுத்திருப்பார்கள். அதைக் கோரிலேஷன் என்று நினைத்து மறுபடி 20 × 10-ஆல் பெருக்கிவிடுவார்கள். கோரிலேஷன் எப்போதும் −1-க்கும் +1-க்கும் நடுவில்தான் இருக்கும். கொடுத்த எண் 40 என்றால் அது கோவேரியன்ஸ் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் தசமத்தில் கொடுத்தால் ஏமாந்துபோவோம். திட்ட விலக்கத்தை 0.20, 0.10 என்று எழுதும் தாளில் இதே கோவேரியன்ஸ் 0.004 ஆகிவிடும். இதுதான் இரண்டாவது தவறுக்கு இடம்: ஒரு துண்டைச் சதவீதத்திலும் இன்னொன்றைத் தசமத்திலும் போட்டுக் கூட்டுவது. கணக்கின் முதல் வரியிலேயே "எல்லாம் சதவீதத்தில்" என்று எழுதிவிட்டு, தசமத்தில் உள்ள கோவேரியன்ஸை 10,000-ஆல் பெருக்கி மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

"ரிட்டர்னை எடை போட்டுக் கூட்டுற மாதிரியே ரிஸ்க்கையும் கூட்டினா என்ன?"

அப்படிக் கூட்டினால் 0.6 × 20 + 0.4 × 10 = 16 வரும். நமக்கு வந்தது 13.39. இந்த இரண்டுக்கும் உள்ள 2.61 வித்தியாசம்தான் இந்தப் பாடம் முழுவதும். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் வெளியிட்ட கட்டுரையின் மையம் இதுவே: போர்ட்ஃபோலியோவின் ரிட்டர்ன் பங்குகளின் ரிட்டர்னுக்குச் சராசரி, அதன் ரிஸ்க் பொதுவாக அப்படிச் சராசரி இல்லை, அதைவிடக் குறைவு.

16 வருவது கோரிலேஷன் சரியாக +1 ஆக இருக்கும்போது மட்டும். அப்போது மூன்றாவது துண்டு 2 × 0.6 × 0.4 × 200 = 96 ஆகி, மொத்தம் 256, அதன் வர்க்கமூலம் 16. இதை ஒருமுறை உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். பிறகு இந்தத் தவறை நீங்கள் செய்யவே மாட்டீர்கள். கூடவே ஒரு சோதனையும் கிடைக்கிறது: இரண்டு பங்குகளையும் வாங்கி மட்டும் வைத்திருக்கும் போர்ட்ஃபோலியோவில் வந்த விடை எடை போட்ட சராசரியைவிட அதிகமாக இருந்தால் எங்கோ தவறு. 16-க்கு மேல் வர வழியே இல்லை.

"கோரிலேஷன் மைனஸ்ல இருந்தாத்தானே ரிஸ்க் குறையும்? இங்கே ப்ளஸ் 0.2 இருக்கே?"

இது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். தேர்விலும் இதைக் குறிவைத்தே கேட்பார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"குறைவது" என்பதில் இரண்டு படிகள் இருக்கின்றன. முதல் படி, சராசரியைவிடக் குறைவது. அதற்குக் கோரிலேஷன் 1-ஐவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலே போதும், 0.9 என்றாலும் நடக்கும். இரண்டாவது படி, இரண்டில் ரிஸ்க் குறைந்த பங்கைவிடவும் குறைவது. அதாவது பி-யை மட்டும் வைத்திருந்தால் 10. ஏ-யையும் கொஞ்சம் சேர்த்து 10-க்கும் கீழே போக முடியுமா? முடியும், கோரிலேஷன் ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால்:

```
ρ < σB / σA      (σB சிறியது)
10 / 20 = 0.5
```

நம் கணக்கில் எல்லை 0.5, கோரிலேஷன் 0.2. எனவே ரிஸ்க் அதிகமான ஏ-யைச் சேர்ப்பதாலேயே மொத்த ரிஸ்க் 10-க்குக் கீழே இறங்கும். மைனஸ் தேவையே இல்லை. ரிஸ்க்கைப் பூஜ்யம் ஆக்க வேண்டுமென்றால்தான் கோரிலேஷன் சரியாக −1 இருக்க வேண்டும். அப்போது ஏ-யில் மூன்றில் ஒரு பங்கும் பி-யில் மூன்றில் இரண்டு பங்கும் போட்டால் திட்ட விலக்கம் பூஜ்யம்.

நம் பக்கத்துக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். மாந்தோப்பும் வைத்து, பக்கத்திலேயே தக்காளியும் போடுகிறவருக்கு இரண்டு வருமானம் இருந்தாலும், மழை பொய்த்தால் இரண்டும் சேர்ந்தே அடிபடும். மாந்தோப்போடு ஓசூர் கம்பெனிச் சம்பளமும் இருக்கும் வீட்டில், இரண்டையும் ஒரே காரணம் ஒரே நேரத்தில் தாக்குவது அபூர்வம். சம்பளம் மாங்காய்க்கு எதிர்த்திசையில் ஓட வேண்டியதில்லை, அதோடு ஒட்டிக்கொண்டு ஓடாமல் இருந்தாலே போதும்.

தேர்வில் இதை எழுதும்போது +1, 0.2, −1 மூன்றுக்கும் அதே 60:40 எடையில் திட்ட விலக்கத்தைப் போட்டுக் காட்டுங்கள்: 16, 13.39, 8. மூன்று எண்களும் அருகருகே இருந்தால் வேறு விளக்கமே தேவைப்படாது. கடைசி 8 எப்படி வந்தது என்றால், −1 இருக்கும்போது 12-இலிருந்து 4-ஐக் கழித்தால் போதும்.

"மினிமம் வேரியன்ஸ் போர்ட்ஃபோலியோ ஃபார்முலா மனசுல நிக்கவே மாட்டேங்குது. என்ன செய்ய?"

இதைச் செவ்வாய்க்கிழமை முழுக்க வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. சூத்திரம் இது:

```
wA = (σB² − Cov) / (σA² + σB² − 2·Cov)
```

மனதில் நிறுத்த இரண்டு பிடிமானங்கள். ஏ-யின் எடைக்கு மேலே வருவது பி-யின் வேரியன்ஸ். மற்றவர் எவ்வளவு ஆட்டம் காண்கிறாரோ அவ்வளவு அதிகமாக நமக்குப் பங்கு என்று புரிந்துகொண்டால் மாறிப்போகாது. கீழே இருப்பது இரண்டின் எடையிலும் ஒன்றேதான்.

நம் எண்களில்: (100 − 40) ÷ (400 + 100 − 80) = 60 ÷ 420 = 1/7. அதாவது ஏ-யில் 14.29 சதவீதம், பி-யில் 85.71 சதவீதம். பின்னத்தை 1/7, 6/7 என்றே வைத்துக்கொண்டு மேலே போடுங்கள், 0.14 என்று சுருக்க வேண்டாம்.

```
σp² = (1×400 + 36×100 + 2×6×40) / 49
    = 4480 / 49 = 91.43
σp  = 9.56
Rp  = (16 + 60) / 7 = 10.86
```

பி-யை மட்டும் வைத்திருந்தால் ரிட்டர்ன் 10, ரிஸ்க் 10. இந்தக் கலவையில் ரிட்டர்ன் 10.86, ரிஸ்க் 9.56. ரிட்டர்னும் கூடி ரிஸ்க்கும் குறைகிறது. அப்படியானால் பி-யை மட்டும் வைத்திருப்பது எஃபிஷியன்ட் இல்லை. எஃபிஷியன்ட் ஃபிரான்டியர் ஏன் இந்தப் புள்ளியில் ஆரம்பித்து மேலே மட்டும் போகிறது என்று 5 மதிப்பெண் கேள்வி வந்தால் இந்த இரண்டு வரிகளே விடை.

விடை சரிதானா என்று பார்க்கத் தேர்வறையிலேயே ஒரு வழி இருக்கிறது. மிகக் குறைந்த ரிஸ்க் உள்ள புள்ளியில், ஒவ்வொரு பங்கும் போர்ட்ஃபோலியோவோடு கொண்டிருக்கும் கோவேரியன்ஸ் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அந்த எண் போர்ட்ஃபோலியோவின் வேரியன்ஸாகவும் இருக்க வேண்டும். ஏ-க்கு: (1/7) × 400 + (6/7) × 40 = 91.43. பி-க்கு: (1/7) × 40 + (6/7) × 100 = 91.43. இரண்டும் ஒத்துப்போனால் எடை சரி. அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

"ஒரு கணக்குல எடை மைனஸ்ல வந்துச்சு. தப்புன்னு அடிச்சுட்டேன். சரியா?"

அடிக்கும் முன் எல்லையைப் பாருங்கள். நம் கணக்கிலேயே கோரிலேஷன் 0.6 என்று மாற்றினால் கோவேரியன்ஸ் 120. அப்போது ஏ-யின் எடை (100 − 120) ÷ (500 − 240) = −20 ÷ 260 = −0.077. கோரிலேஷன் 0.5 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது, அதனால் மைனஸ் வந்தே தீரும். கணக்கில் தவறில்லை.

ஏ-யை ஷார்ட் செல் செய்து, வந்த பணத்தையும் பி-யில் போட வேண்டும் என்பது அதன் பொருள். கேள்வியில் ஷார்ட் செல்லிங் அனுமதி இல்லை என்றிருந்தால் ஏ-க்கு பூஜ்யம், பி-க்கு 100 சதவீதம் என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் மைனஸ் எடையையே எழுதிப் பொருளை விளக்குங்கள்.

"புதன்கிழமை ஓவர்டைம். ரொம்ப டயர்டா இருப்பேன். அன்னைக்கு என்ன படிக்கலாம்?"

அன்று கால்குலேட்டரைத் தொட வேண்டாம், வரைபடம் போடுங்கள். நெடுக்கே ரிட்டர்ன், கிடையாகத் திட்ட விலக்கம். மூன்று நாட்களாகப் பழகிய எண்களே புள்ளிகள்: பி (10, 10), மினிமம் வேரியன்ஸ் (9.56, 10.86), 60:40 கலவை (13.39, 13.6), ஏ (20, 16). முதல் எண் கிடைக்கு, இரண்டாவது நெடுக்குக்கு. நான்கையும் இணைத்தால் இடப்பக்கம் மூக்கு நீட்டிய வளைகோடு வரும்.

இப்போது ரிஸ்க் இல்லாத முதலீடு 6 சதவீதம் தருகிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நெடுக்கு அச்சில் 6-இலிருந்து வளைகோட்டைத் தொடும் நேர்கோடுதான் கேப்பிட்டல் மார்க்கெட் லைன் வரும் இடம். அந்தக் கோட்டைப் பலர் வளைகோட்டின் மூக்கு நுனியில் கொண்டுபோய் ஒட்டுவார்கள். அது தவறு என்று நம் எண்களே காட்டும். 6-இலிருந்து மூக்கு நுனிக்குப் போகும் கோட்டின் சரிவு (10.86 − 6) ÷ 9.56 = 0.508. 60:40 கலவைக்குப் போகும் கோட்டின் சரிவு (13.6 − 6) ÷ 13.39 = 0.568. இரண்டாவது கோடு இன்னும் செங்குத்தானது. தொடுபுள்ளி எப்போதும் மூக்குக்கு மேலே, வளைகோட்டின் மேல்பாதியில்தான் இருக்கும்.

அப்புறம் இந்த லைனையும் செக்யூரிட்டி மார்க்கெட் லைனையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் கிடை அச்சைப் பார்த்தால் போதும். முதலாவதில் திட்ட விலக்கம், அதாவது மொத்த ரிஸ்க். எஃபிஷியன்ட் கலவைகள் மட்டும் அதன்மேல் உட்காரும். இரண்டாவதில் பீட்டா; சரியான விலையில் இருக்கும் எந்தத் தனிப் பங்கும் அதன்மேல் உட்காரும். பெயர் கேட்டால்: ரிஸ்க் இல்லாத முதலீட்டைச் சேர்த்துப் பிரித்துப் பார்க்கும் தேற்றம் ஜேம்ஸ் டோபின், 1958, கேப்பிட்டல் அசெட் பிரைசிங் மாடல் வில்லியம் ஷார்ப், 1964. 1990 நோபல் பரிசு மார்க்கோவிட்ஸ், ஷார்ப், மெர்டன் மில்லர் மூவருக்கும். இதற்கு மேல் வரலாறு வேண்டியதில்லை.

"பீட்டா கணக்குல நான் போட்ட விடையும் ஃப்ரெண்ட் போட்ட விடையும் வேற வேற. ஃபார்முலா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

பெரும்பாலும் வகுக்கும் எண்ணில் வந்த குழப்பமாக இருக்கும். வியாழக்கிழமை இந்த ஒரு கணக்கைப் போடுங்கள். ஐந்து ஆண்டுகளின் சந்தை ரிட்டர்னும் ஒரு பங்கின் ரிட்டர்னும், சராசரியிலிருந்து அவற்றின் விலகலும்:

| ஆண்டு | சந்தை | பங்கு | சந்தை விலகல் | பங்கு விலகல் | பெருக்கல் | சந்தை விலகல் வர்க்கம் |
|---|---|---|---|---|---|---|
| 1 | 10 | 14 | 2 | 6 | 12 | 4 |
| 2 | 14 | 15 | 6 | 7 | 42 | 36 |
| 3 | 6 | 3 | −2 | −5 | 10 | 4 |
| 4 | −2 | −8 | −10 | −16 | 160 | 100 |
| 5 | 12 | 16 | 4 | 8 | 32 | 16 |
| கூட்டல் | 40 | 40 | 0 | 0 | 256 | 160 |

இரண்டின் சராசரியும் 8. பீட்டா = 256 ÷ 160 = 1.6. அவ்வளவுதான்.

கோவேரியன்ஸைத் தனியாக 4-ஆல் வகுத்து 64 என்றும், வேரியன்ஸை 5-ஆல் வகுத்து 32 என்றும் போட்டால் பீட்டா 2 என்று வந்துவிடும். இரண்டையும் 4-ஆல் வகுத்தாலும் 1.6, இரண்டையும் 5-ஆல் வகுத்தாலும் 1.6. மேலும் கீழும் ஒரே எண்ணால் வகுக்கிறோமா என்பதுதான் முக்கியம். கூட்டுத்தொகையை நேராக வகுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

இன்னொரு இடம் நான்காம் ஆண்டு வரி. −10 × −16 என்பது +160. அந்தக் குறியைத் தவறவிட்டால் கூட்டல் −64 ஆகி, பீட்டா −0.4 வரும். சந்தை விழுந்தபோது கூடவே விழுந்த பங்குக்கு மைனஸ் பீட்டா வருகிறது என்றாலே சந்தேகம் வர வேண்டும். விலகல் நெடுவரிசை இரண்டும் பூஜ்யத்துக்குக் கூடுகிறதா என்று பார்த்த பிறகே பெருக்கலுக்குப் போங்கள். சயின்டிஃபிக் கால்குலேட்டரில் மைனஸ் எண்ணை அடைப்புக்குறி இல்லாமல் வர்க்கப்படுத்தினால் பல மாடல்கள் மைனஸ் விடையே தரும் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

"பீட்டா வந்தாச்சு. அதுக்கப்புறம் ரிட்டர்ன் 18.8 வருது. புத்தகத்துல 9.2 போட்டிருக்கு."

சந்தை ரிட்டர்னையே பிரீமியமாக எடுத்துப் பெருக்கிவிட்டீர்கள்.

```
E(Ri) = Rf + β·(Rm − Rf)
6 + 1.6 × (8 − 6) = 9.2
```

கேள்வியில் "மார்க்கெட் ரிட்டர்ன்" என்றிருந்தால் அதிலிருந்து 6-ஐக் கழிக்க வேண்டும். "மார்க்கெட் ரிஸ்க் பிரீமியம்" என்றிருந்தால் ஏற்கெனவே கழித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள், மறுபடி கழிக்கக் கூடாது. இந்த இரண்டு சொற்களில் எது வந்திருக்கிறதோ அதைக் கேள்வித்தாளிலேயே அடிக்கோடிடுங்கள்.

அடுத்த வரியாக வழக்கமாக வருவது, பங்கு விலை கூடுதலா குறைவா என்பது. இந்த ரிஸ்க்குக்கு 9.2 சதவீதம் கிடைத்தாக வேண்டும். 11 சதவீதம் கிடைக்கும் என்று கணித்திருந்தால் இன்றைய விலை குறைவு. அது செக்யூரிட்டி மார்க்கெட் லைனுக்கு மேலே இருக்கும், வாங்கலாம். ரிட்டர்ன் அதிகம் என்றால் விலையும் அதிகம் என்று அவசரத்தில் மாற்றி எழுதுகிறார்கள். அதே பணவரவுக்கு விலை குறைவாக இருந்தால்தான் ரிட்டர்ன் அதிகமாகும் என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

"ஷார்ப்ல ஒரு ஃபண்ட் முதலிடம், ட்ரெய்னர்ல இன்னொரு ஃபண்ட் முதலிடம். ரெண்டும் எப்படி சரியாகும்?"

இரண்டும் சரியாகலாம், கேள்வி கேட்பவர் எதிர்பார்ப்பதும் அதன் காரணத்தைத்தான். வெள்ளிக்கிழமைக்கு இந்த எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஸ்க் இல்லாத விகிதம் 6. பி என்ற பெயர் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதால் முதல் ஃபண்ட், இரண்டாம் ஃபண்ட் என்றே சொல்கிறேன். முதல் ஃபண்டின் ரிட்டர்ன் 14, திட்ட விலக்கம் 20, பீட்டா 0.8. இரண்டாம் ஃபண்டின் ரிட்டர்ன் 13, திட்ட விலக்கம் 14, பீட்டா 1.

ஷார்ப்: முதலாவதுக்கு 8 ÷ 20 = 0.4; இரண்டாவதுக்கு 7 ÷ 14 = 0.5. இரண்டாவது மேல்.
ட்ரெய்னர்: முதலாவதுக்கு 8 ÷ 0.8 = 10; இரண்டாவதுக்கு 7 ÷ 1 = 7. முதலாவது மேல்.

முதல் ஃபண்டின் மொத்த ஆட்டம் 20, ஆனால் பீட்டா 0.8 மட்டும். அப்படியானால் அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி சந்தையால் வந்ததில்லை. ஒரு சில பங்குகளிலோ ஒரே துறையிலோ பணம் குவிந்து கிடக்கிறது. பரவலாக்கியிருந்தால் போயிருக்கும் ரிஸ்க் அது. ட்ரெய்னர் அந்த ரிஸ்க்கைப் பார்ப்பதே இல்லை, ஷார்ப் பார்க்கிறது. முதலீட்டாளரின் பணம் முழுக்க அந்த ஒரு ஃபண்டில் இருந்தால் ஷார்ப் சொல்வதைக் கேட்க வேண்டும். அவரிடம் இருக்கும் பல ஃபண்டுகளில் அதுவும் ஒன்று என்றால் ட்ரெய்னர் பொருந்தும். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாத விடை பாதி விடைதான்.

ஜென்சன் ஆல்ஃபாவுக்குப் புது எண்கள் வேண்டாம். வியாழக்கிழமைக் கணக்கின் பங்கு சராசரியாக 8 கொடுத்தது, கொடுத்திருக்க வேண்டியது 9.2. ஆல்ஃபா −1.2.

"சிங்கிள் இண்டெக்ஸ் மாடல் படிக்கணுமா?"

நேரமிருந்தால் வெள்ளி கடைசி அரை மணி. எதற்காக வந்தது என்பதை எண்ணால் சொன்னால் நல்ல விடை: 50 பங்குகளுக்கு மார்க்கோவிட்ஸ் முறையில் 50 ரிட்டர்ன், 50 வேரியன்ஸ், 1,225 கோவேரியன்ஸ், ஆக 1,325 எண்கள் வேண்டும். ஷார்ப்பின் சிங்கிள் இண்டெக்ஸ் மாடலில் 152 போதும். அதற்கு விலையாக, பங்குகள் சந்தை வழியாக மட்டுமே ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று வைத்துக்கொள்கிறோம். ஒரே துறைப் பங்குகளில் அது உண்மையாக இருக்காது.

"எனக்கு இந்த வாரம் பி ஷிஃப்ட். ராத்திரி வர பன்னெண்டு ஆகும். இந்தத் திட்டம் எனக்கு ஒத்துவருமா?"

வரிசையை மாற்ற வேண்டாம், மணியை மாற்றுங்கள். இரவில் வந்து உட்காராதீர்கள். காலை எட்டு முதல் பத்து வரை கணக்கு. நைட் ஷிஃப்ட் என்றால் தூங்கி எழுந்த பிறகு, மறுபடி கிளம்பும் முன் உள்ள மாலை நேரம்.

பஸ்ஸில் போகும் நேரம் கணக்குப் போட உதவாது, வரைபடத்தை மனதுக்குள் வரைய உதவும். கண்ணை மூடிக்கொண்டு வளைகோடு, 6-இலிருந்து கோடு, எது எங்கே என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தடுமாறும் இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு வீட்டில் பாருங்கள்.

"சனிக்கிழமை முழுசா ரிவைஸ் பண்ணவா, மாடல் டெஸ்ட் எழுதவா?"

எழுதுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, முழு 3 மணி நேரமும் உட்காருங்கள். தேர்வறைக்குக் கொண்டுபோகும் அதே கால்குலேட்டரைப் பயன்படுத்துங்கள். எந்த வகை அனுமதி என்று ஹால் டிக்கெட் விதிகளைப் படித்துவிடுங்கள். புரோகிராம் செய்யக்கூடியதை வாங்கி வைத்துவிடுவார்கள்.

திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் தவறின் வகையைப் பாருங்கள். குறி மாறியதா, சதவீதமும் தசமமும் கலந்ததா, பிரீமியத்தில் தவறியதா? ஒரே வகை இரண்டு முறை வந்திருந்தால் அந்த வகைக் கணக்கை மட்டும் அன்று இரவு இன்னொருமுறை போடுங்கள். புதிய பாடம் எதையும் திறக்க வேண்டாம்.

"நடுவுல ரெண்டு நாள் போயிடுச்சு. ஊர்ல விசேஷம். இப்போ எதை விடலாம்?"

முதலில் விட வேண்டியது சிங்கிள் இண்டெக்ஸ் மாடல். அடுத்து, மைனஸ் எடை வரும் கணக்குகள். அதற்கும் நேரம் போதாவிட்டால் மாடல் டெஸ்டை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்து, கணக்குப் பகுதியை மட்டும் எழுதுங்கள்.

விடக்கூடாதவை இரண்டு. இரண்டு பங்குக் கணக்கும் அதன் மினிமம் வேரியன்ஸும் ஒரு மாலை. பீட்டா அட்டவணையும் 9.2 வரை போவதும் இன்னொரு மாலை. ஷார்ப்பும் ட்ரெய்னரும் வெறும் வகுத்தல்தான், இரண்டாவது மாலையின் கடைசி அரை மணியில் வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தைத் தேர்வுக்குப் போகும் பஸ்ஸில் பாருங்கள்.